யாரும் ஊற்றாத மை

"தம்பி, இந்த ரோஸ் கோடு டப்பாவுல வருமா?"

திரையில் டப்பாவின் விரித்த படத்தைப் பார்த்ததும் முக்கால்வாசி வாடிக்கையாளர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. அன்று கேட்டவர் மூட்டுவலித் தைலம் தயாரிக்கும் ஒரு பெரியவர். டப்பா முழுக்க வேப்பிலைப் பச்சை. அதன் மேல் கண்ணை உறுத்தும் ரோஸ் நிறத்தில் வெளிக்கோடு, உள்ளே நான்கைந்து நெடுக்குக் கோடுகள். "வராது அண்ணாச்சி, அது வெட்டுறதுக்கும் மடிக்கிறதுக்கும் போட்ட கோடு" என்றேன். "வராத கோட்டை எதுக்குப் போட்ட?" என்று திருப்பிக் கேட்டார். சிவகாசியில் டிடிபி வேலை பார்க்கத் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் எனக்கு அப்போது தெரியவில்லை என்பதை அடுத்த வாரமே அச்சு இயந்திரம் சொல்லிக் காட்டியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆஃப்செட் அச்சில் ஒரு வண்ணத்துக்கு ஒரு பிளேட். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மை இருந்தால் நான்கு அலுமினியத் தகடுகள். கணினியிலுள்ள படத்தை நான்காகப் பிரித்து ஒவ்வொன்றையும் அதனதன் தகட்டில் ஏற்றுவதைத்தான் செப்பரேஷன் என்கிறோம். வேப்பிலைப் பச்சை என்று ஒரு தகடு கிடையாது. சயான் இத்தனை, மஞ்சள் இத்தனை, கொஞ்சம் கறுப்பு என்று மூன்று தகடுகளில் சிதறிக் கிடக்கும் புள்ளிகள் தாளில் ஒன்றின் மேல் ஒன்றாக விழும்போது பச்சையாகத் தெரிகின்றன.

சில வேலைகளுக்கு இந்தக் கலப்பு போதாது. தங்க நிறம் வேண்டும், அல்லது ஒரு நிறுவனத்தின் முத்திரைச் சிவப்பு இம்மியும் மாறாமல் வேண்டும் என்றால், அந்த நிறத்திலேயே தனி மை வாங்கி, தனித் தகடு போட்டு, ஐந்தாவது யூனிட்டில் ஓட்டுவார்கள். அதுதான் ஸ்பாட் கலர். கோப்பில் அதற்கு ஒரு பெயர் கொடுத்துவிட்டால், அந்தப் பெயரில் இருக்கும் எல்லாமே மற்ற நான்கில் கலக்காமல் ஐந்தாவது தகட்டுக்குப் போய்ச் சேரும்.

டப்பா வேலைக்காரர்கள் பிடித்துக்கொண்டது இந்த ஏற்பாட்டைத்தான். ஒரு பெயர் கொடுத்தால் ஒரு தகடு தனியாகப் பிரியும் என்றால், அந்தத் தகட்டுக்கு மை ஊற்றியே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? வெட்டுக்கோட்டுக்கு ஒரு பெயர் வைப்போம். ஐந்தாவது தகடாக அது பிரிந்து வரட்டும். அச்சுக்கு அனுப்பும்போது அந்தத் தகட்டை மட்டும் போடாமல் விட்டுவிட்டு, கோட்டைத் தனியே எடுத்து டை செய்பவருக்குக் கொடுப்போம். படமும் கோடும் ஒரே கோப்பில், ஒரே அளவில் கிடக்கும். படத்தை நகர்த்தினாலும், ஒரு தாளில் ஆறு டப்பாவாக அடுக்கினாலும், கோடும் கூடவே போகும். கோட்டைத் தனிக் கோப்பாக வைத்திருந்தால் எங்காவது ஒரு மில்லிமீட்டர் விலகியிருக்கும். அது டையும் செய்து, ஐயாயிரம் தாளும் அடித்த பிறகுதான் தெரியவரும்.

ஸ்பாட் கலர் என்பது நிறம் அல்ல, பெயர். இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாளாயிற்று. பிடிஎஃப் கோப்பைத் திறந்து உள்ளே எழுதியிருப்பதைப் பார்த்தால் சட்டென்று விளங்கிவிடும். தைல டப்பாவின் ஒரு மடிப்புக் கோட்டுக்கான நிறம் அதில் இப்படிக் குறிக்கப்பட்டிருக்கும்:

```
/CS1 [/Separation /Crease /DeviceCMYK 7 0 R]
```

முதலில் வருவது `Separation`, அதாவது இது தனியாகப் பிரிய வேண்டியது. அடுத்தது பெயர், `Crease`. அதன் பிறகு வரும் `DeviceCMYK` மாற்று ஏற்பாடு: இந்தப் பெயரில் உன்னிடம் மை இல்லையென்றால், திரையிலோ சாதாரணப் பிரிண்டரிலோ இந்த நான்கு நிறக் கலவையில் காட்டிக்கொள். கடைசியில் இருக்கும் `7 0 R` அந்தக் கலவையின் கணக்கு எழுதியிருக்கும் இடம். பெரியவர் பார்த்த ரோஸ் நிறம் இந்த மாற்று ஏற்பாடுதான். ரோஸ் என்பதற்குத் தனி அர்த்தம் எதுவும் கிடையாது. பச்சை டப்பாவில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று நான் மெஜந்தா நூறு சதவீதம் வைத்தேன். டப்பா ரோஸாக இருந்திருந்தால் சயான் வைத்திருப்பேன். நிறத்தை எப்படி மாற்றினாலும் பெயர் அதேதான், தகடும் அதேதான்.

கோடு வரையும் கட்டளை இது:

```
/GS1 gs
/CS1 CS
1 SCN
0.25 w
34.02 167.24 m
34.02 507.40 l
S
```

நிறம் `CS1`, அளவு `1` அதாவது நூறு சதவீதம், தடிமன் கால் பாயிண்ட், இந்த இடத்திலிருந்து அந்த இடம் வரை ஒரு கோடு. எண்கள் பாயிண்ட் கணக்கு. 34.02 என்பது 12 மில்லிமீட்டர், அதாவது ஒட்டுப்பட்டையின் அகலம். இரண்டு எண்களின் வித்தியாசம் 340.16, அதாவது 120 மில்லிமீட்டர், டப்பாவின் உயரம். முதல் வரியில் இருக்கும் `GS1` என்ற சிறிய சமாசாரம்தான் எனக்குப் பாடம் எடுத்தது.

முதலில் டப்பாவைச் சொல்லிவிடுகிறேன். தைலக் குப்பி நிற்க அகலம் 45, ஆழம் 45, உயரம் 120 மி.மீ. அட்டையின் தடிமன் சுமார் 0.4 மி.மீ. விரித்துப் படுக்கப் போட்டால் இடது ஓரத்தில் 12 மி.மீ. ஒட்டுப்பட்டை, அதை அடுத்து 45, 45, 45 என்று மூன்று முகங்கள். நான்காவது முகம் மட்டும் 44.5. சுற்றி மடித்து ஒட்டும்போது கடைசி முகம் ஒட்டுப்பட்டையின் மேல் உட்காருகிறது. அட்டையின் தடிமனுக்கு இடம் விடாமல் அதையும் 45 வைத்தால் விளிம்பு அரை மில்லிமீட்டர் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். மேலும் கீழும் மூடி 45, அதன் சொருகு நாக்கு 14. ஆக விரித்த அகலம் 191.5, உயரம் 238. ஒட்டுப்பட்டைக்குப் பக்கத்தில் ஒன்று, முகங்களுக்கு இடையில் மூன்று என நெடுக்கில் நான்கு மடிப்புக் கோடுகள்.

அவ்வளவையும் சரியாக வரைந்தேன். ஸ்பாட் கலர் வைத்தேன், பெயர் கொடுத்தேன். கோடு கண்ணுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று ஒரு பாயிண்ட் தடிமன் வைத்தேன். பெரியவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பிளேட் போடும் இடத்தில் நான்கு தகடு எடுத்து, ஐந்தாவதை விட்டுவிட்டார்கள். தாள் அச்சாகி, டை வெட்டி, ஒட்டி வந்த முதல் நூறு டப்பாக்களைப் பார்த்தால், ஒவ்வொரு மூலையிலும் மேலிருந்து கீழ் வரை வெள்ளை நூல் கட்டியது போல ஒரு கோடு.

பட்டறையில் எல்லாரும் ஒரே குரலில் அட்டையைக் குறை சொன்னார்கள். "மடிப்புல மை வெடிக்குது" என்றார் டை வெட்டும் இயந்திரத்தில் நின்றவர். அது நடக்கிற கதைதான். அட்டை காய்ந்து போயிருந்தாலோ, நாரின் ஓட்டத்துக்குக் குறுக்கே மடிப்பு விழுந்தாலோ, மடிப்பு சரியாக அழுந்தாவிட்டாலோ, மேற்பரப்பு கீறி உள்ளே இருக்கும் வெள்ளை தெரியும். நானும் நம்பிவிட்டேன். அட்டை வியாபாரிக்குப் போன் போடக் கையில் எடுத்தாயிற்று.

அப்போது அச்சு இயந்திரத்தில் இருந்த வயதான மிஷின்மேன் ஒரு வேலை செய்தார். ஒட்டிய டப்பாவை அவர் தொடவே இல்லை. டை வெட்டாத, மடிக்காத ஒரு முழுத் தாளை அடுக்கிலிருந்து உருவி, வெளிச்சத்தில் விரித்து, லூப்பைக் கண்ணில் வைத்துக் குனிந்தார். "இங்கயே கெடக்கே, வந்து பாருடே" என்றார். பார்த்தேன். மடிப்பே படாத தாளில், பச்சைக்கு நடுவில், அளவுகோல் வைத்துக் கிழித்தது போல ஒரு வெள்ளைக் கோடு. இரண்டு ஓரமும் சுத்தமாக, எங்கும் ஒரே அகலமாக இருந்தது. மை வெடித்த கோடு அப்படி இருக்காது. ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும், நார் தெரியும், ஓரிடத்தில் அகலமாகவும் ஓரிடத்தில் காணாமலும் போகும். முக்கியமாக, மடிப்பதற்கு முன் அது இருக்காது. என் ஒரு பாயிண்ட் கோட்டின் அகலம் 0.35 மி.மீ. தாளில் இருந்ததும் அதே அகலம்.

கோட்டை அச்சடிக்கவில்லை. ஆனால் கோடு இருந்த இடம் அச்சாகிவிட்டது.

காரணம் இது. கணினி வழக்கமாக ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறத்தைப் போடும்போது, கீழே இருப்பதை அந்த இடத்தில் வெட்டி எடுத்துவிடும். இதற்கு நாக்கவுட் என்று பெயர். பச்சைக்கு மேல் சிவப்பு வட்டம் வைத்தால், பச்சையில் வட்டமாக ஓட்டை விழும். பொடிக்கோலம் போடுகிறவர்கள் பூவின் இதழுக்கு இடம் விட்டுவிட்டுச் சுற்றிலும் பச்சைப் பொடி தூவுவார்களே, அதே முறை. விட்ட இடத்தில் பிறகு சிவப்புப் பொடி வந்து உட்காரும். இல்லாவிட்டால் இரண்டும் கலந்து கலங்கிவிடும். அச்சு மைக்கும் இந்த மரியாதை தேவைதான். நான் செய்த தவறு, இதழுக்கு இடம் விட்டுவிட்டுச் சிவப்புப் பொடியை வீட்டுக்குள்ளேயே வைத்தது. ஐந்தாவது தகட்டின் கோட்டுக்காகச் சயானிலும் மஞ்சளிலும் கறுப்பிலும் 0.35 மி.மீ. பள்ளம் விழுந்துவிட்டது. ஐந்தாவது தகடு வரவில்லை. பள்ளம் பள்ளமாகவே அச்சாயிற்று.

இதற்கு மாற்று ஓவர்பிரிண்ட். கீழே இருப்பதைத் தொடாதே, மேலே போய் உட்கார் என்று கோட்டுக்குச் சொல்வது. அப்படிச் சொல்லிவிட்டால் மற்ற நான்கு தகடுகளுக்கும் அந்தக் கோடு இருப்பதே தெரியாது. பிடிஎஃப் கட்டளையில் பார்த்த `GS1` இதைத்தான் சொல்கிறது. அதற்குள் `/OP true` என்று இருந்தால் ஓவர்பிரிண்ட். நாமாகச் சொல்லாவிட்டால் `false` என்றே எடுத்துக்கொள்ளும், அதாவது வெட்டி எடுக்கும். இல்லஸ்ட்ரேட்டரில் `Attributes` என்ற பலகையைத் திறந்து `Overprint Stroke` என்பதில் டிக் வைக்க வேண்டும். கோரல்டிராவில் கோட்டின் மேல் வலது கிளிக் செய்து `Overprint Outline`. மூன்று நொடி வேலை.

இந்த மூன்று நொடி வேலை ஏன் இத்தனை பேருக்கு விட்டுப்போகிறது என்றால், டிக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் திரையில் படம் ஒரே மாதிரிதான் தெரியும். பச்சையின் மேல் ரோஸ் கோடு. கோட்டுக்கு அடியில் பச்சை இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்பதை மேலிருந்து பார்த்தால் தெரியாது. பாயை விரித்த பிறகு தரையில் ஓட்டை இருக்கிறதா என்று கேட்டது போல. பாயைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும்.

அதற்கும் வழி இருக்கிறது. அக்ரோபாட்டில் `Output Preview` என்று ஒரு சன்னல் உண்டு. கோப்பில் உள்ள எல்லாத் தகடுகளையும் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு டிக் வைத்திருக்கும். தைல டப்பாவில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு, அதற்குக் கீழே நாம் வைத்த பெயர். அந்தக் கடைசி டிக்கை எடுக்க வேண்டும். ரோஸ் கோடு மறையும். மறைந்த இடத்தில் பச்சை இடைவெளி இல்லாமல் ஓடினால் நல்லது. வெள்ளைக் கோடு நின்றால், ஐயாயிரம் தாளுக்குப் பிறகு லூப்பில் பார்க்க வேண்டியதை இப்போதே பார்த்துவிட்டோம் என்று அர்த்தம். அன்றிலிருந்து இன்றுவரை இந்த டிக்கை எடுத்துப் பார்க்காமல் ஒரு கோப்பையும் நான் வெளியே விட்டதில்லை. அடுத்து மற்ற நான்கு தகடுகளின் டிக்கையும் எடுத்து, கோட்டின் டிக்கை மட்டும் வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைத் திரையில் டப்பாவின் எலும்புக்கூடு மட்டும் நிற்க வேண்டும். கூடவே ஓர் எழுத்தோ இலையோ தெரிந்தால், யாரோ தவறுதலாக அந்த நிறத்தைப் படத்திலும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அச்சில் அந்த இலை காணாமல் போயிருக்கும்.

இனி வெட்டும் மடிப்பும். முதல் டப்பாவில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயர் வைத்திருந்தேன். வெட்டுக்குத் தொடர்கோடு, மடிப்புக்குப் புள்ளிக்கோடு என்று கண்ணுக்கு வித்தியாசம் காட்டினால் போதும் என்ற நினைப்பு. டை செய்பவர் பழகியவர் என்பதால் பார்த்துப் புரிந்துகொண்டார். எப்போதும் அப்படி நடக்காது. இரண்டும் ஏன் இரண்டு பெயராக இருக்க வேண்டும் என்பதற்கு டையின் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

மடிப்பு டப்பா பிறந்த கதையே இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் கேர் என்று ஒரு அச்சக முதலாளி. காகிதப் பைகள் செய்து விற்றுக்கொண்டிருந்தார். 1879-ஐ ஒட்டி ஒருநாள், பைகளில் மடிப்புத் தடம் பதிக்க வேண்டிய உலோகப் பட்டை அச்சு இயந்திரத்தில் இடம் பிசகி, தடம் பதிப்பதற்குப் பதில் பைகளை வெட்டித் தள்ளிவிட்டது. மற்றவராக இருந்தால் வீணான பைகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேர், ஒரு பட்டை சற்று உயரமாக இருந்தால் வெட்டுகிறது, தாழ்ந்திருந்தால் மடிப்பு விழுகிறது, அப்படியானால் இரண்டு உயரப் பட்டைகளையும் ஒரே பலகையில் வைத்தால் ஒரே அழுத்தத்தில் வெட்டி மடித்த அட்டை கிடைக்குமே என்று யோசித்தார். இன்று நம்மூர்ப் பட்டறைகளில் ஓடும் டையும் அதே யோசனைதான்.

டை என்பது 18 மி.மீ. பிளைவுட் பலகை. அதில் கோடு போகும் வழியெல்லாம் லேசரால் சன்னமாக அறுத்து, அந்த வாயில் எஃகுப் பட்டைகளைச் சொருகுவார்கள். பட்டையின் தடிமன் பெரும்பாலும் 0.71 மி.மீ. வெட்டும் பட்டையின் உயரம் 23.8 மி.மீ., மேல் விளிம்பு கத்திக் கூர்மை. மடிப்புப் பட்டையின் மேல் விளிம்பு மழுங்கல். உயரமும் அட்டையின் தடிமன் அளவுக்குக் குறைவு. நம் 0.4 மி.மீ. அட்டைக்கு 23.4. இந்த 0.4 மில்லிமீட்டர்தான் டப்பாவுக்கும் துண்டு துண்டான அட்டைக்கும் நடுவில் இருக்கும் தூரம்.

மடிப்புப் பட்டை அட்டையைக் கிழிப்பதில்லை, மேலிருந்து அழுத்துகிறது. எதிர்ப்பக்கத் தகட்டில் அந்த இடத்தில் ஒரு சிறு கால்வாய் இருக்கும். நம் அட்டைக்கு அதன் அகலம் சுமார் 1.3 மி.மீ.; அட்டையின் தடிமனில் ஒன்றரை மடங்கும் பட்டையின் தடிமனும் சேர்ந்த கணக்கு. அட்டை அந்தக் கால்வாய்க்குள் அழுந்தும்போது, ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் அதன் உள்ளடுக்குகள் அந்த இடத்தில் மட்டும் விட்டுக்கொடுத்து விலகுகின்றன. பின்பக்கம் தடவிப் பார்த்தால் ஒரு புடைப்பு தட்டுப்படும். மடிக்கும்போது அந்தப் புடைப்பு உள்பக்கம் சுருண்டுகொள்ளும், வெளிப்பக்கத்து மை இழுபடாது. கால்வாய் இல்லாமல் வெறுமனே மடித்தால் அட்டையின் வெளித்தோல் நீள வேண்டியிருக்கும். நீள முடியாமல் கிழியும். மை வெடிக்கும் என்று சொன்னது அதைத்தான்.

ஆக, லேசர் இயந்திரத்தில் உட்காருகிறவருக்கு எந்தக் கோடு 23.8, எந்தக் கோடு 23.4 என்று தெரிந்தாக வேண்டும். `CutContour`, `Crease` என்று இரண்டு பெயரில் கோடுகள் இருந்தால், தகடு தகடாகவே பிரிந்துவிடும். ஒரே பெயரில் ஒன்று நூறு சதவீதம், மற்றது ஐம்பது சதவீதம் என்று வெளிர வைத்தால் திரையில் இரண்டு நிறமாகத் தெரியும், ஆனால் தகடு ஒன்றேதான். பெயர்தான் பிரிக்கும், சாயல் பிரிக்காது.

புள்ளிக்கோடு பழக்கத்தையும் நான் விட்டுவிட்டேன். பார்வைக்கு அழகுதான். ஆனால் கோப்பைப் படிக்கும் சில மென்பொருள்கள் புள்ளிக்கோட்டை நூறு சிறு கோடுகளாக உடைத்து எடுத்துக்கொள்ளும். டைக்குப் பதில் கத்தி முனையால் நேரடியாக வெட்டும் பிளாட்டர் என்றால் அது ஒவ்வொரு துண்டுக்கும் கத்தியைத் தூக்கித் தூக்கி வைக்கும். பெயர் வேறாக இருக்கும்போது கோடு தொடர்கோடாகவே இருக்கலாம்.

இதைவிடத் தொல்லை, கோட்டின் தடிமனை வடிவமாக மாற்றிவிடுவது. இல்லஸ்ட்ரேட்டரில் `Outline Stroke` என்று ஒரு கட்டளை. கால் பாயிண்ட் கோட்டில் அதைக் கொடுத்தால், பார்க்க அதே கோடுதான். உள்ளே அது 0.09 மி.மீ. அகலமுள்ள ஒரு நீள்சதுரம். பிளாட்டர் அதன் இரண்டு பக்கத்தையும் வெட்டுவழியாக எடுத்துக்கொண்டு, ஒரே இடத்தில் போகவும் வரவும் வெட்டும். இதே போல இன்னொன்று எங்கள் ஆட்களிடம் சகஜம். 45க்கு 120 என்று ஒரு நீள்சதுரம் வரைந்து, அதைப் பிரதி எடுத்துப் பக்கத்தில் ஒட்டி, இன்னொரு பிரதி என்று வரிசையாக முகங்களை அடுக்குவது. வேகமான வழிதான். ஆனால் முதல் முகத்தின் வலது ஓரமும் இரண்டாவது முகத்தின் இடது ஓரமும் ஒரே இடத்தில் இரண்டு கோடுகளாக விழுகின்றன. கண்ணுக்கு ஒன்று, லேசருக்கு இரண்டு. லேசர் அதே வழியில் இரண்டாம் முறை போனால் பிளைவுட்டின் வாய் அகலமாகி, சொருகிய பட்டை ஆட்டம் கொடுக்கும். ஆடுகிற பட்டையில் நேர்க்கோடு கிடைக்காது. கண்டுபிடிக்கச் சுலபம்: ஒரு மடிப்புக் கோட்டைத் தேர்ந்தெடுத்து அழித்துப் பாருங்கள். அழித்த பிறகும் கோடு அங்கேயே இருந்தால் அடியில் ஒன்று ஒளிந்திருக்கிறது.

பெயர் என்று இவ்வளவு சொன்ன பிறகு, என்ன பெயர் என்று சொல்ல வேண்டும். அச்சகத்துக்கு அச்சகம் மாறும். அனுப்பும் முன் கேட்டுவிடுவது உத்தமம். ரோலண்ட் பிளாட்டர்களின் மென்பொருள் `CutContour` என்ற பெயரைத் தேடும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வரை அப்படியே இருக்க வேண்டும். சிலர் `Dieline` கேட்பார்கள். எங்கள் பட்டறையில் வெகுகாலம் `DIE` என்றே வைத்திருந்தோம். எந்தப் பெயரானாலும் கோப்பு முழுக்க ஒரே எழுத்துக்கோவை வேண்டும். `Dieline` ஒரு தகடு, `Die Line` இன்னொரு தகடு. நடுவில் ஒரு இடைவெளிதான் வித்தியாசம், ஆனால் கணினிக்கு அவை இரண்டு வேறு மைகள். ஒருமுறை மூடியின் சொருகு நாக்கை மட்டும் பழைய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டினேன். அதன் கோடு வேறு எழுத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. வெட்டுத் தகட்டை மட்டும் திறந்து பார்த்தபோது டப்பா இருந்தது, நாக்கு இல்லை. நல்லவேளை, திரையிலேயே பிடிபட்டது.

இந்தப் பெயர்க் குழப்பத்துக்கு ஒரு பொதுத் தீர்வும் வந்திருக்கிறது. 2018இல் வெளியான ஐஎஸ்ஓ 19593-1 என்ற தரநிலை, பிடிஎஃபின் அடுக்கிலேயே இது என்ன வேலைக்கான கோடு என்று எழுதி வைக்க வகை செய்கிறது. வெட்டு, மடிப்பு, பசை தடவும் இடம் என்று ஒவ்வொன்றுக்கும் நிலையான குறிப்பு உண்டு. மடிப்புக் கோட்டின் அடுக்கில் இப்படி இருக்கும்:

```
/GTS_ProcStepsGroup /Structural
/GTS_ProcStepsType /Creasing
```

நீங்கள் பெயரை எந்த மொழியில் வைத்தாலும், ரோஸ் அடித்தாலும் நீலம் அடித்தாலும், படிக்கும் மென்பொருளுக்கு இது மடிப்பு என்று தெரிந்துவிடும். ஆனால் எழுதும் மென்பொருளும் படிக்கும் மென்பொருளும் இரண்டுமே அதை அறிந்திருக்க வேண்டும். நான் வேலை பார்த்த பட்டறைகளில் பெயரையே நம்பித்தான் வண்டி ஓடுகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் கோடு அச்சாகாமல் பள்ளம் அச்சான கதை. கோடே அச்சாகிவிடுவதும் உண்டு. பிடிஎஃப் ஆக்கும்போது ஸ்பாட் கலர்களை எல்லாம் நான்கு நிறமாக மாற்று என்று ஒரு தேர்வு இருக்கும். அதில் டிக் விழுந்திருந்தால் பெயர் அழிந்து, மாற்று ஏற்பாடாக வைத்த மெஜந்தா நிஜ மெஜந்தாவாகித் தகட்டில் ஏறிவிடும். பிறகு அதைப் பிரிக்க முடியாது. பாலில் கலந்த தண்ணீர்தான். இன்னும் மோசம், கோட்டுக்கு `Registration` நிறம் கொடுப்பது. பார்க்கக் கறுப்பாக, ஸ்பாட் கலர் போலப் பட்டியலில் தனியாக நிற்கும், பெயரும் ஏதோ முக்கியமானது போலத் தோன்றும். அது எல்லாத் தகட்டிலும் விழு என்ற கட்டளை. தாளின் ஓரத்தில் நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காருகிறதா என்று பார்க்கும் குறிகளுக்காக வைத்தது. அதில் மடிப்புக் கோடு வரைந்தால் ஐந்தாவது தகட்டுக்குப் போக வேண்டியது நான்கு தகட்டுக்கும் சேர்ந்தே போய்விடும். வாட்ஸ்ஆப்பில் ஜேபெக்காக வரும் டப்பா டிசைன்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதில் கோடு என்பதே இல்லை, ரோஸ் நிறப் புள்ளிகள்தான் இருக்கின்றன. புள்ளிக்குப் பெயர் கிடையாது. அப்படி வந்தால் படத்தை அடியில் வைத்து, கோட்டை முதலிலிருந்து வரைந்துகொள்வதுதான் வழி. பேச்சு வார்த்தைக்கு இடமில்லை.

தைல டப்பாவுக்குத் திரும்புகிறேன். கோட்டை இரண்டு பெயராகப் பிரித்து, தடிமனைக் கால் பாயிண்டாக்கி, ஓவர்பிரிண்ட் வைத்து, புதிதாக நான்கு தகடு போட்டோம். செலவில் என் சம்பளத்திலும் ஒரு பங்கு போயிற்று. டை மாறவில்லை, அதே டைதான். பழைய தாளில் மிஷின்மேன் ஒன்றை மடித்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். எடுக்கச் சொல்லவும் இல்லை, திட்டவும் இல்லை.

பெரியவர் சரக்கை வாங்க வந்தபோது ஒட்டாத டப்பா ஒன்றை விரித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். மூலைகளில் விரலால் தடவினார். பின்பக்கத்துப் புடைப்பு விரலில் தட்டுப்பட்டது.

"கோடு இருக்கு தம்பி" என்றார். "நெறம்தான் இல்ல."